வீசிய கையை வெட்டி எடுப்பது

சாலையில் வேகமாக நடப்பவரை 1/30 விநாடி ஷட்டரில் படம் எடுக்கிறோம். முன்னே வீசும் கை விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போனால், ஷட்டர் மூடுவதற்குள் 10 செ.மீ. நகர்ந்துவிடும். கையின் அகலமோ 8 செ.மீ.தான். ஆகவே எந்தப் புள்ளியையும் அது முழு நேரமும் மறைத்திருக்காது. தீற்றலின் நடுவில்கூட 80 சதவீதம்தான். மீதி 20 சதவீதம் பின்னால் இருக்கும் புல்வெளியின் பச்சை. உடம்பு அகலமானது என்பதால் அதன் நடுப்பகுதி மட்டும் கெட்டியாக நிற்கும்.

இப்படிப்பட்ட கையைச் சுற்றிக் கூர்மையாகக் கோடு போட்டு வெட்டுவது வீண் வேலை. அங்கே விளிம்பு என்று ஒன்றே இல்லை. செய்ய வேண்டியது, ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை சதவீதம் கை என்று ஒரு மறைப்பு அளவு கொடுப்பது. உடம்பின் நடுவை 'நிச்சயம் ஆள்' என்றும், தூரத்துப் புல்லை 'நிச்சயம் பின்னணி' என்றும் குறித்து, தீற்றல் முழுவதையும் சந்தேகப் பட்டையாக விட்டால் மென்பொருள் அதைக் கணக்கிடும். பட்டையைக் குறுக்கிவிட்டால் தீற்றலின் வால் துண்டாகிப்போகும்.

பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். அளவு சரியாக வந்தாலும் புள்ளியின் நிறத்தில் பச்சை கலந்தே இருக்கும். அதையும் கழித்து, கையின் சொந்த நிறத்தை நிரப்ப வேண்டும். வெட்டிய ஆளைச் சிவப்புப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். பச்சைப் புகை தெரிந்தால் வேலை முடியவில்லை. சட்டையும் பச்சை என்றால் எந்தக் கணக்கும் தடுமாறும். தீற்றலைக் கையால்தான் வரைய வேண்டும்.