411 பி.டி.எஃப்.களுக்கு முன்னால் எழுத வேண்டிய ஆறு பக்கம்

அந்த எம்.எட். மாணவி மடிக்கணினியைத் திறந்து காட்டிய ஃபோல்டரில் 411 பி.டி.எஃப்.கள் இருந்தன. ஒரு மாணவர் இன்னொரு மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால் மதிப்பெண் உயர்கிறதா என்பது அவருடைய ஆய்வேட்டுக் கேள்வி. அவர் சொந்தமாகச் சோதனை நடத்தப் போவதில்லை. ஏற்கெனவே நடந்த சோதனைகளை விடாமல் தேடித் திரட்டி, சலித்து, மொத்தமாக அவை என்ன சொல்கின்றன என்று பார்ப்பதுதான் திட்டம். முறைசார் மீளாய்வு என்று இதற்குப் பெயர்.

"இதுல முப்பத்தஞ்சு பேப்பர் நல்லா இருக்கு சார். அதை மட்டும் எடுத்துக்கலாம்னு இருக்கேன்."

"நல்லா இருக்குன்னா என்னம்மா?"

"ரிசல்ட் தெளிவா வந்திருக்கு."

சிக்கல் அங்கேதான். முடிவைப் பார்த்துவிட்டுச் சேர்ப்பதா விடுவதா என்று தீர்மானித்தால், பலன் தந்த சோதனைகள் உள்ளே வரும், பலன் தராதவை எப்படியோ வெளியே போய்விடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பொதுத்தேர்வுத் தாள் திருத்துகிறவர்களுக்கு விடைக்குறிப்பை முதலிலேயே கையில் கொடுத்துவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான். தாளைப் பார்த்தபிறகு விடைக்குறிப்பு எழுதினால் கையெழுத்து அழகுக்கும் மார்க் விழும். மீளாய்வுக்கு அப்படி முன்கூட்டி எழுதும் விடைக்குறிப்புக்குத்தான் புரோட்டோகால் என்று பெயர். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பிரிஸ்மா-பி என்ற வழிகாட்டி 2015இல் 17 தலைப்புகளைத் தந்தது. மாணவர்கள் பெரும்பாலும் முன்னுரைக்கு நான்கு பக்கமும் தகுதி விதிகளுக்கு அரைப் பக்கமும் ஒதுக்குகிறார்கள். அது தலைகீழாக இருக்க வேண்டும்.

முதல் விதி, எதைச் சக மாணவர் கற்பித்தல் என்று ஒப்புக்கொள்வது. எளிதாகத் தோன்றும், ஆனால் இதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். இந்தக் கற்பித்தலுக்கு நம் ஊரிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1789இல் சென்னை எழும்பூர் அநாதை ஆண்பிள்ளைகள் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் அதைக் கொண்டுவர நினைத்தபோது ஆசிரியர்கள் இசையவில்லை. எனவே எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும் வேலையை ஒப்படைத்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூல் வழியாக இது 'மெட்ராஸ் முறை' என்று பரவியது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்குச் சட்டாம்பிள்ளை புதியவர் அல்ல.

பெல் முறை வெற்றி என்றுதான் சொன்னார். ஆனால் அந்த முறை இல்லாத இன்னொரு பள்ளியோடு ஒப்பிட்டுச் சொல்லவில்லை. இன்றைய புரோட்டோகால் விதிப்படி அவருடைய சான்று முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். மாணவியிடம் கேட்டேன்: சட்டாம்பிள்ளை ஒழுங்கை மட்டும் பார்த்துக்கொண்டால் அதைச் சேர்ப்பீர்களா? நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு செயல்திட்டம் செய்தால்? ஒருவர் கட்டுரையை இன்னொருவர் திருத்தினால்? அரை மணி நேரம் யோசித்து அவர் எழுதிய வாசகம் இது: "ஆசிரியர் அல்லாத ஒரு மாணவர், குறிப்பிட்ட பாடப்பொருளை, கற்பிப்பவர் என்ற பொறுப்போடு, இன்னொரு மாணவருக்கு அல்லது மூவருக்கு மிகாத குழுவுக்குக் கற்பிக்க வேண்டும். பொறுப்பு மாறி மாறி வரலாம்." இதன்படி குழுச் செயல்திட்டமும் பரஸ்பரத் திருத்தமும் வெளியே போயின. மூவர் என்ற எல்லை ஏன், ஐவர் கூடாதா என்று கேட்கலாம். காரணம் கொஞ்சம் தற்செயலானதுதான். ஆனால் அது முடிவுகளைப் பார்ப்பதற்கு முன் போட்ட கோடு.

அடுத்து, யாருடைய அடைவு? கோஹனும் இரண்டு குலிக்குகளும் 1982இல் 65 ஆய்வுகளைத் தொகுத்தபோது, கற்றுக்கொண்டவர்கள் மட்டுமல்ல, கற்பித்த மாணவர்களும் முன்னேறியதைக் கண்டார்கள். கற்றவர்களுக்கு விளைவின் அளவு சராசரியாக 0.40, கற்பித்தவர்களுக்கு 0.33. இந்த எண் மதிப்பெண் அல்ல. இரு குழுக்களின் சராசரி வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் கிடைப்பது. ஒரு பக்கம் சராசரி 62, மறுபக்கம் 57, திட்ட விலக்கம் 12.5 என்றால் 5ஐ 12.5ஆல் வகுத்து 0.40. ஒரே ஆய்விலிருந்து இந்த இரண்டு எண்களையும் எடுத்து ஒரே சராசரிக்குள் போட்டால் அந்த ஆய்வு இரண்டு ஓட்டுப் போட்டதாகிவிடும். அதனால் இரண்டும் தனித்தனிப் பகுப்பாய்வு என்று புரோட்டோகாலிலேயே எழுதிவிட வேண்டும்.

எந்தத் தேர்வு என்பதும் அதே அளவு முக்கியம். ஆய்வாளரே தயாரித்த வினாத்தாள், தான் கற்பித்ததையே கேட்கும். சியுங்கும் ஸ்லாவினும் 2016இல் கல்விச் சோதனைகளைப் பெரிய அளவில் அலசியபோது, ஆய்வாளர் தயாரித்த தேர்வுகளில் விளைவு, பொதுவான தரப்படுத்திய தேர்வுகளைவிட ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரிந்தது. அவற்றை ஒதுக்கினால் நம் நாட்டு ஆய்வுகளில் பெரும்பகுதி போய்விடும் என்று மாணவி பயந்தார், அதில் நியாயம் இருக்கிறது. எனவே ஒதுக்க வேண்டாம், தேர்வின் வகையைத் தனி நிரலில் பதிவு செய்து பிரித்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

இனி, நான் அதிகம் பார்த்த பிழை. ஒரே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு 'ஏ' பிரிவில் சக மாணவர் கற்பித்தல், 'பி' பிரிவில் வழக்கமான பாடம். ஆளுக்கு 30 பிள்ளைகள். முன்தேர்வு, பின்தேர்வு, டி-சோதனை, குறிப்பிடத்தக்க வேறுபாடு. இந்தக் கணக்கு 60 பிள்ளைகளைத் தனித்தனி ஆட்களாக எண்ணுகிறது. ஆனால் சோதனைக்கு உட்பட்டது இரண்டு வகுப்புகள்தான். 'ஏ' பிரிவின் ஆசிரியை கெட்டிக்காரர் என்றாலும் இதே எண் வரும், எந்தக் கணிதத்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. இப்படிப்பட்ட ஆய்வுகளை எடுத்துரைக்கலாம், ஆனால் கூட்டிச் சராசரி எடுப்பதில் சேர்க்கக் கூடாது என்று விதி எழுதச் சொன்னேன்.

வகுப்புகள் கூடுதலாக இருந்தால் திருத்தம் செய்யலாம். எட்டு வகுப்புகள், தலா 30 பேர், மொத்தம் 240 என்று வைத்துக்கொள்வோம். ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணால் குறிப்பார்கள். அமெரிக்கப் பள்ளிகளை வைத்து ஹெட்ஜஸும் ஹெட்பெர்க்கும் 2007இல் கணக்கிட்டபோது பள்ளி அளவில் அந்த எண் சராசரியாக 0.22ஐ ஒட்டி வந்தது. நாம் 0.20 என்று எடுப்போம். 29ஐ 0.20ஆல் பெருக்கி 1 கூட்டினால் 6.8. 240ஐ 6.8ஆல் வகுத்தால் 35. அதாவது 240 பேரின் சோதனை தரும் தகவல், தனித்தனியே தேர்ந்த சுமார் 35 பேர் தரும் தகவலுக்குத்தான் சமம். விளைவு 0.40 என்று வந்திருந்தால், திருத்தாத கணக்கில் உண்மை மதிப்பு 0.14க்கும் 0.66க்கும் நடுவில் என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லத் தோன்றும். திருத்தியபின் அதே இடைவெளி மைனஸ் 0.27 முதல் 1.07 வரை விரிகிறது. பலன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கட்டுரை இந்த ஒத்த எண்ணைத் தராவிட்டால் எந்த மதிப்பை எடுப்போம் என்பதையும் முன்பே எழுத வேண்டும். பிறகு எழுதினால் கை தானாகச் சின்ன எண்ணைத் தேடும்.

தேடுவதற்குக் கூகுளில் தட்டிப் பார்த்தேன் என்றால் போதாது. இன்னொருவர் அதே தேடலைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். மாணவியின் முதல் வரைவு இது:

```
("peer tutor*" OR "peer teaching" OR "cross-age tutor*"
 OR "paired reading")
AND (achievement OR attainment OR "test score*")
AND (random* OR "control group" OR quasi-experiment*)
```

கல்வி ஆய்வுகளின் பெரிய தரவுத்தளமான எரிக்கில் இந்தப் பொருளுக்கான அதிகாரபூர்வச் சொல் `Peer Teaching`. அது தெரியாமல் `peer tutoring` என்று மட்டும் தேடினால் பல ஆய்வுகள் கண்ணில் படாது. நட்சத்திரக் குறியும் எல்லாத் தளங்களிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. எனவே ஒவ்வொரு தளத்தில் தட்டிய வரியையும் தேதியோடு அப்படியே சேமிக்க வேண்டும். தேடல் சரியா என்று அறிய ஒரு சின்ன வழி உண்டு. நமக்கு ஏற்கெனவே தெரிந்த பத்து நல்ல ஆய்வுகளை எழுதி வைத்துக்கொண்டு, அவை வலையில் விழுகின்றனவா என்று பார்ப்பது. மாணவிக்கு ஏழு விழுந்தன. விடுபட்ட மூன்றில் இரண்டின் சுருக்கத்தில் அடைவு என்ற சொல்லே இல்லை, `reading` என்றும் `mathematics` என்றும்தான் இருந்தது. இரண்டாம் வரி மாறியது. இதழ்களில் வராத ஆய்வேடுகளுக்குச் சோத்கங்காவையும் சேர்த்தோம். பலன் இல்லை என்று கண்ட ஆய்வுகள் பல சமயம் அப்படித்தான் ஏட்டிலேயே தங்கிவிடுகின்றன.

சலிப்பதைத் தனியாளாகச் செய்யக் கூடாது என்பது விதி. முதுகலை மாணவிக்கு இன்னொருவரை முழுநேரம் எங்கே தேடுவது? தோழி ஒருவர் 100 சுருக்கங்களை மட்டும் தனியாகப் பார்த்தார். 90இல் இருவரும் ஒத்துப்போனார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அதில் 85, இருவருமே தள்ளியவை. மாணவி எடுத்த 10இல் தோழியும் எடுத்தது 5 மட்டுமே. தகராறு முழுக்க ஒரு விதியில்: கல்லூரி மாணவர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது சேருமா? வரையறை அதைச் சொல்லவே இல்லை. பள்ளி மாணவர்கள் மட்டும் என்று திருத்தி, இன்னொரு நூறை எடுத்தார்கள்.

எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது என்பதையும் குறைவாகவே வைக்கச் சொன்னேன். ஸ்காட்லாந்தின் ஃபைஃபில் 129 தொடக்கப்பள்ளிகளில் நடந்த பெரிய சோதனையில் மூத்த வகுப்பினர் இளையவர்க்குக் கற்பித்தபோது பலன் தெரிந்தது, ஒரே வகுப்பினர் இணைந்தபோது அப்படித் தெரியவில்லை. பின்னர் இங்கிலாந்தில் மூத்தவர் இளையவர்க்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பெரிய சோதனையில், 2015இல் வந்த அறிக்கைப்படி, பலனே இல்லை. எனவே வயது வேறுபாடு ஒரு காரணி, தேர்வின் வகை இன்னொன்று, அவ்வளவுதான். இருபது காரணிகளைப் பிரித்துப் பார்த்தால் சும்மாவே ஏதோ ஒன்று பளிச்சென்று தெரியும்.

பதிவு செய்யப் போனபோது ஒரு தடை. பலரும் சொல்லும் ப்ராஸ்பெரோ பதிவகம் உடல்நலம் சார்ந்த விளைவு உள்ள மீளாய்வுகளுக்கானது, மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதை அது ஏற்காது. ஓ.எஸ்.எஃப். தளத்தில் இலவசமாக, தேதி முத்திரையோடு பதிந்தார். ஆறு பக்கம்.

மூன்றாம் வாரம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. கற்பிக்கும் மாணவருக்கு ஆசிரியர் தினமும் பக்கத்தில் அமர்ந்து உதவிய ஓர் ஆய்வு, சேர்க்கலாமா என்று. திருத்தக் குறிப்பாக எழுதித் தேதி போடச் சொன்னேன். மாலையில் அதன் படத்தை அனுப்பினார். கடைசி வரி: "முடிவுப் பகுதியை இன்னும் படிக்கவில்லை."