போத்தலில் எழுதியிருந்த மூன்று வாசகங்கள்

சென்ற வருடம் நான் முகத்துக்கு ஒரு லோஷன் வாங்கினேன். என் தோல் சிறுவயதிலிருந்தே வரண்ட தோல். அதனால் பாமசியில் வெகுநேரம் நின்று, ஒவ்வொரு போத்தலாக எடுத்து வாசித்துப் பார்த்தே தெரிவு செய்தேன். நான் எடுத்த போத்தலில் மூன்று வாசகங்கள் இருந்தன. 'டெர்மடோலஜிஸ்ட் டெஸ்டட்', அதாவது தோல் வைத்திய நிபுணரால் பரிசோதிக்கப்பட்டது. 'ஹைப்போஅலர்ஜெனிக்', ஒவ்வாமை குறைந்தது. 'பீ.எச். பேலன்ஸ்ட்', அமிலத்தன்மை சமப்படுத்தப்பட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் கண் இமைகள் சிவந்து தடித்தன. கன்னத்தில் அரிப்புத் தொடங்கியது. "வெயில் பட்டிருக்கும்" என்றார் உம்மா. தலையணை உறையை மாற்றினோம், சவர்க்காரத்தை மாற்றினோம், இறால் சாப்பிடுவதை நிறுத்தினோம். லோஷனை மட்டும் நிறுத்தவில்லை. அரிப்புக்கு அதுதானே ஆறுதல் என்று இன்னும் கூடுதலாகப் பூசினேன். ஒவ்வாமை தராதது என்று எழுதியிருந்த பொருளைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் தோல் வைத்திய நிபுணர் ஒருவரிடம் போனோம். அவர் என் முதுகில் சிறு சிறு ஒட்டுகளில் பல இரசாயனங்களை வைத்து ஒட்டினார். இரண்டு நாள் கழித்து அவற்றைக் கழற்றினார். பிறகும் இரண்டு நாள் விட்டு மறுபடி பார்த்தார். ஒரே ஓர் இடம் சிவந்து தடித்திருந்தது. அது மெதயில்ஐசோதயசோலினோன் என்ற பாதுகாப்புப் பொருள். லோஷனில் கிருமி வளராமல் தடுப்பதற்காகச் சேர்ப்பது. என் போத்தலின் பின்புறத்திலும், பொடி எழுத்தில், அந்தப் பெயர் இருந்தது.

"அப்படியென்றால் முன்னால் எழுதியிருப்பது பொய்யா டோக்டர்?" என்று கேட்டேன்.

"பொய் என்றும் சொல்ல ஏலாது மகள். அது என்ன சொல்கிறது என்று நிதானமாக வாசித்துப் பாருங்கள்" என்றார்.

அதன்பிறகு நான் தேடி வாசித்து அறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் 'ஹைப்போஅலர்ஜெனிக்'. 'ஹைப்போ' என்றால் 'குறைந்த' என்றுதான் பொருள், 'இல்லாத' என்றல்ல. எதைவிடக் குறைந்தது என்பதைப் போத்தல் சொல்வதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1975 இல் இதற்கொரு விதி கொண்டுவந்தது. இந்தச் சொல்லைப் போட விரும்பும் கம்பனி, தன் பொருள் போட்டிப் பொருட்களைவிடக் குறைவாகவே ஒவ்வாமை தருகிறது என்பதை மனிதரில் பரிசோதித்துக் காட்ட வேண்டும் என்பதே அந்த விதி. அல்மே, கிளினிக் ஆகிய இரண்டு அழகுசாதனக் கம்பனிகள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 1977 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்த நாட்டில் அந்தச் சொல்லுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் வரைவிலக்கணம் இல்லாமலே போயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் வழிகாட்டல் சற்று இறுக்கமானது. தெரிந்த ஒவ்வாமைப் பொருட்களைத் தவிர்த்தே தயாரிக்க வேண்டும் என்கிறது. ஆனாலும் ஆபத்து முற்றாக இல்லை என்று அந்தச் சொல் உத்தரவாதம் தராது என்பதையும் அதே வழிகாட்டல் ஒப்புக்கொள்கிறது.

'தெரிந்த ஒவ்வாமைப் பொருள்' என்பதும் காலத்தோடு மாறுவது. என்னை வாட்டிய அந்தப் பாதுகாப்புப் பொருள் ஒருகாலத்தில் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. பலருக்கு ஒவ்வாமை வந்தபின், கழுவாமல் தோலிலேயே விடும் பூச்சுகளில் அதைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பா 2017 இல் தடை செய்தது. கழுவிவிடும் சவர்க்கார வகைகளில் மிகச் சிறிய அளவுக்கு மட்டும் இடம் வைத்தது.

அடுத்தது 'டெர்மடோலஜிஸ்ட் டெஸ்டட்'. பரிசோதித்தார்கள் என்று எழுதியிருக்கிறது. முடிவு என்ன என்று எழுதவில்லை. எத்தனை பேரில், எத்தனை நாள் என்பதும் இல்லை. நல்ல முறையில் செய்யும் சோதனை ஒன்று இப்படி நடக்கும்: தொண்டர்களின் முதுகில் மூன்று வாரத்தில் ஒன்பது தடவை பொருளை ஒட்டுவார்கள். பின் இரண்டு வாரம் ஓய்வு. அதன்பின் புதிய இடத்தில் ஒருமுறை ஒட்டி, தோல் சிவக்கிறதா என்று பார்ப்பார்கள். தொண்டர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமான தோல் உடையவர்கள்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஒரு லோஷன் உண்மையில் 50 பேரில் ஒருவருக்கு ஒவ்வாமை தரும் என்று வைப்போம். 50 பேரில் சோதித்தால் அது கட்டாயம் பிடிபடும் என்றே நினைப்போம். ஆனால் ஒருவருக்கு ஒன்றும் நேராதிருக்கும் நிகழ்தகவு 0.98. ஐம்பது பேருக்கும் ஒன்றும் நேராதிருக்க 0.98 ஐ ஐம்பது தடவை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.36. அதாவது நேர்மையாகச் செய்த சோதனையிலும், நூற்றுக்கு 36 தடவை, "ஒருவருக்கும் எதுவும் நேரவில்லை" என்றே அறிக்கை வரும். அந்த ஐம்பதில் ஒருத்தி நானாக இருந்தால் அறிக்கையால் எனக்குப் பயனில்லை.

மூன்றாவது 'பீ.எச். பேலன்ஸ்ட்'. நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலம், பீ.எச். பெறுமானம் சுமார் 5. சாதாரணக் கட்டிச் சவர்க்காரம் 9 முதல் 10 வரை காரமானது. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால் 5 க்கும் 9 க்கும் இடையில் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். அதனால்தான் கட்டிச் சவர்க்காரத்தால் முகம் கழுவியதும் தோல் இழுப்பது போல இருக்கிறது. ஆகவே இந்த வாசகத்துக்குப் பின்னால் ஓர் உண்மை உண்டு. ஆனால் எந்த எண்ணுக்குச் சமப்படுத்தினார்கள்? அது எழுதப்படுவதில்லை.

எங்கள் ஆய்வுகூடத்தில், ஆசிரியையின் அனுமதியோடு, ஒரே வாசகம் எழுதிய இரண்டு முகக்கழுவிகளை நீரில் கரைத்துப் பீ.எச். தாளைத் தோய்த்துப் பார்த்தேன். ஒன்று 5 க்கும் 6 க்கும் இடையில் நின்றது. மற்றது 7. தாள் சரிநுட்பமாகக் காட்டாது, நிறமுள்ள திரவத்தில் ஏமாற்றவும் செய்யும்; ஆனாலும் இவ்வளவு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னொன்றும் உண்டு. பீ.எச். சரியாக இருப்பதற்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பில்லை. என்னை வாட்டிய பொருள், பீ.எச். 5 உள்ள லோஷனில் இருந்தாலும் என்னை வாட்டத்தான் செய்யும்.

இப்போது நான் போத்தலின் முன்புறத்தை வாசிப்பதில்லை; திருப்பிப் பார்க்கிறேன். என் எதிரியின் பெயரை ஒரு துண்டில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறேன். புதிதாக ஒன்று வாங்கினால் உடனே முகத்தில் பூசுவதில்லை. முன்கையின் உட்புறத்தில், ஒரே இடத்தில், காலையும் மாலையும் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை பூசிப் பார்க்கிறேன். ஒருமுறை பூசி ஒரு மணித்தியாலம் பார்த்தால் போதாது. இவ்வகை ஒவ்வாமை ஒன்றிரண்டு நாள் கழித்தே தலைகாட்டும். கழுவிவிடும் பொருளாக இருந்தால், வழக்கமாகத் தோலில் இருக்கும் நேரம் மட்டும் வைத்துக் கழுவிவிடுகிறேன். சிவந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

அந்தப் பழைய போத்தல் இன்னும் அலுமாரியில் கிடக்கிறது. அதில் எழுதியிருக்கும் மூன்று வாசகங்களில் எதையும் பொய்யென்று என்னால் நிரூபிக்க முடியாது. அவை சொல்லாத ஒன்றை நானாகவே சேர்த்து வாசித்தேன், அவ்வளவுதான்: "உனக்கு ஒன்றும் செய்யாது" என்று. அப்படி எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை.