பணி நிறைவு விழாவில் என்ன பேசுவது?

தமிழக அரசு ஊழியர் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். அன்று மாலை சால்வை, மாலை, நினைவுப் பரிசு. முன்வரிசையில் அவர் குடும்பம். பேச அழைக்கப்படுபவருக்கோ அவரைப் பற்றி அதிகம் தெரியாது. உடனே ‘கடமை தவறாதவர், பண்பாளர், எளிமையானவர்’ என்ற சொற்கள் வந்துவிடுகின்றன. எழுதியதில் வேறொருவர் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் அந்தப் பேச்சு அவருக்கானது அல்ல.

முதல் நாளே பக்கத்து இருக்கைக்காரரிடமும் அலுவலக உதவியாளரிடமும் கேளுங்கள்: “எந்தச் சிக்கல் வந்தால் இவரைத் தேடிப் போவீர்கள்?” பதிவறை எழுத்தர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காணாமல்போன பழைய கோப்பை மதிய உணவையும் விட்டுத் தேடி எடுத்து, ஒரு விதவைக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழிசெய்தார் என்று தெரிய வருகிறது. அந்த ஒரு நிகழ்ச்சியே போதும். அதை நிதானமாகச் சொல்லுங்கள். அவர் மனைவியும் பிள்ளைகளும் அதை அங்கேதான் முதன்முறையாகக் கேட்பார்களாக இருக்கும்.

பணியில் சேர்ந்த ஆண்டையும் தலைப்பெழுத்தையும் அவரிடமே சரிபாருங்கள். உடல்நலம், பதவி உயர்வுத் தகராறு வேண்டாம். மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு, ஏற்புரைக்கு அவருக்கு நேரம் விடுங்கள்.