கேமரா 25, டைம்லைன் 24

கல்யாண வீடியோவில் கேமரா பந்தியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகத் திரும்புகிறது. நொடிக்கு ஒரு முறை படம் லேசாகக் குதிக்கிறது. கம்ப்யூட்டர் திணறுகிறது என்றுதான் முதலில் தோன்றும். எக்ஸ்போர்ட் செய்து டிவியில் ஓடவிட்டாலும் அதே இடங்களில் குதித்தால், எடிட்டிங் தொடங்கும் முன்பே தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட் வெளிச்சத்தில் படம் மினுக்காமல் இருக்க, கல்யாண வீடியோக்காரர்கள் பெரும்பாலும் நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுப்பார்கள். பலரும் இலவசமாகப் பயன்படுத்தும் டாவின்சி ரிசால்வில் புது புராஜெக்ட் வழக்கமாக 24 ஃப்ரேமில் திறக்கும். 25 படங்கள் 24 இடங்களில் உட்கார வேண்டுமானால் நொடிக்கு ஒன்று வெளியே போக வேண்டும். அந்தக் குதிப்பு அதனால்தான். ஆட்கள் அசையாமல் நிற்கும் காட்சியில் இது தெரியாது. கேமரா சீராக நகரும்போது கண்ணை உறுத்தும்.

படத்தின் அகல உயரத்தைத் தப்பாக வைத்துவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஃப்ரேம் ரேட் அப்படியில்லை. க்ளிப்கள் மீடியா பூலுக்குள் வந்துவிட்டால் ரிசால்வ் அந்த எண்ணைப் பூட்டிவிடும். வேறு ரேட்டில் புது டைம்லைன் போட வழி உண்டு. ஆனால் வெட்டிய இடங்கள் நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

முதல் க்ளிப்பை இழுத்துப் போடும்போது, புராஜெக்டின் ரேட்டை க்ளிப்புக்கு ஏற்ப மாற்றவா என்று ஒரு பெட்டி கேட்கும். Change கொடுத்தால் போதும்தானே? போதாது. முதலில் விழுந்தது மாப்பிள்ளையின் தம்பி மொபைலில் எடுத்த 30 ஃப்ரேம் க்ளிப் என்றால், மொத்த புராஜெக்டும் 30-க்குப் போய்விடும். கேமராவில் எடுத்த மூன்று மணி நேரக் காட்சியில் ஒவ்வொரு ஐந்தாவது படமும் இரண்டு தடவை வரும். நொடிக்கு ஐந்து தடங்கல்!

அதனால் கேள்வி வரும்வரை காத்திருக்க வேண்டாம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் Frame rate என்ற வரி இருக்கும். கேமரா ஃபைல் ஒன்று, மொபைல் ஃபைல் ஒன்று பாருங்கள். எது அதிகமோ, அதன் எண்ணே புராஜெக்டின் எண். பிறகு காலி புராஜெக்டைத் திறந்து, வலது கீழ் மூலையில் உள்ள சக்கரத்தைத் தட்டி, Master Settings பகுதியில் Timeline frame rate என்பதை 25 ஆக்கி, Save கொடுங்கள். க்ளிப்களை அதன் பிறகு கொண்டுவாருங்கள்.

மொபைல் க்ளிப்கள் அப்போதும் நொடிக்கு ஐந்து படங்களை இழக்கத்தான் செய்யும். கையில் பிடித்து எடுத்த சின்னத் துண்டுகளில் அது அவ்வளவாகத் தெரியாது. அடுத்த விசேஷத்துக்கு மொபைலில் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த மொபைலில் வசதி இருந்தால் 25-க்கு மாற்றிவைக்கச் சொல்லுங்கள்.