கைக்கு வராத அறிவிப்பும் சேர்ந்த அறிவிப்பே

“எனக்கு எந்த நோட்டீஸும் வரவில்லை.” கடன் தவணை தவறிய வாடிக்கையாளர்களிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்கும் சொல் இது. பெரும்பாலும் அவர்கள் உண்மையையே சொல்கிறார்கள். ஆனால் சட்டம் கேட்கும் கேள்வி வேறு. அறிவிப்பு உரிய முகவரிக்கு உரிய முறையில் அனுப்பப்பட்டதா என்பதையே அது முதலில் பார்க்கிறது. அப்படி அனுப்பப்பட்டிருந்தால், உறையை நீங்கள் தொட்டிராவிட்டாலும் அது உங்களுக்குச் ‘சேர்ப்பிக்கப்பட்டதாகக் கருதப்படும்’. வீட்டுக் கடன் பெற்றவர்களுக்கு இதன் பொருள் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்ப்போம்.

வாடிக்கையாளர் ஒருவர் நாக்பூரில் அடுக்ககக் குடியிருப்பு ஒன்றை அடமானம் வைத்துக் கடன் பெற்றார் என்று கொள்வோம். அவருடைய மைத்துனர் கான்பூரிலிருந்து ஜாமீன் கையெழுத்திட்டார். பின்னர் வாடிக்கையாளர் பணி மாறுதலில் போபாலுக்குச் சென்றார். நாக்பூர் வீட்டை வாடகைக்கு விட்டார். வங்கியில் முகவரியை மாற்றவில்லை. தவணைகள் நின்றன, நிலுவை 90 நாள்களைக் கடந்ததும் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்பட்டது. சர்ஃபேசி சட்டம் என்று வழங்கும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13(2) பிரிவின்கீழ், முழுக் கடனையும் 60 நாள்களுக்குள் செலுத்தக் கோரி வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் ஜூலை 1 தேதியிட்ட அறிவிப்பை அனுப்பினார்.

அச்சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளில் 3ஆம் விதி, இந்த அறிவிப்பைச் சேர்ப்பிக்கும் வழிகளைச் சொல்கிறது: ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால், விரைவுத் தபால், கூரியர், மின்னஞ்சல் முதலியன. நம் வாடிக்கையாளருக்கு ஜூலை 2ஆம் நாள் தபாலிலும் மின்னஞ்சலிலும் அது அனுப்பப்பட்டது. மைத்துனருக்குத் தனியாக ஒரு பிரதி சென்றது. ஜாமீன் அளித்தவரும் இச்சட்டத்தின்படி ‘கடன்தாரர்’ என்ற சொல்லுக்குள் அடங்குவார். கடன்தாரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சேர்ப்பிக்க வேண்டும் என்பது விதி. ஒருவருக்குக் கிடைத்தது மற்றவருக்குக் கிடைத்ததாகாது.

தபால் என்னவாயிற்று? குடியிருந்தவர்கள் வெளியூர் சென்றிருந்ததால் ‘வீடு பூட்டியிருந்தது’ என்ற குறிப்புடன் உறை திரும்பியது. இங்கேதான் 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், பிரிவு 27 வருகிறது. முகவரி சரியாக எழுதப்பட்டு, கட்டணம் செலுத்தப்பட்டு, பதிவுத் தபாலில் சேர்க்கப்பட்ட கடிதம், வழக்கமான தபால் ஓட்டத்தில் எந்நாளில் போய்ச் சேருமோ அந்நாளில் சேர்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். மாறாக மெய்ப்பிக்கப்பட்டால் ஒழிய. ‘வாங்க மறுத்தார்’, ‘வீட்டில் இல்லை’, ‘வீடு பூட்டியிருந்தது’ போன்ற குறிப்புகளுடன் திரும்பும் உறைகளும் சேர்ந்தவையாக அனுமானிக்கப்பட வேண்டும் என்று காசோலை வழக்கொன்றில் 2007இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தபால்காரரிடம் உறையை வாங்க மறுத்தால் தப்பிக்கலாம் என்று சிலர் எண்ணுவதுண்டு. மறுப்பதால் அறிவிப்பு நின்றுவிடுவதில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறியும் வாய்ப்பை மட்டுமே அவர்கள் இழக்கிறார்கள்.

‘முகவரி போதாது’, ‘அப்படி ஒருவர் இல்லை’ என்ற குறிப்புகளின் நிலை வேறு. முகவரி சரியானது என்பதே அனுமானத்தின் அடித்தளம். அது ஆட்டம் கண்டால் அனுமானமும் ஆட்டம் காணும். எனவே திரும்பிய உறையின் மேலுள்ள குறிப்பை நாங்கள் முதலில் படிக்கிறோம். உறையைப் பிரிக்காமல் கோப்பில் வைக்கிறோம்.

மின்னஞ்சலுக்கு வேறு அளவுகோல். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 13ஆம் பிரிவின்படி, இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிராவிட்டால், நீங்களே குறிப்பிட்டுக் கொடுத்த மின்னஞ்சல் பெட்டிக்குள் செய்தி நுழைந்த கணமே அது பெறப்பட்டதாகும். திறந்து படித்தீர்களா, குப்பை அஞ்சல்களின் பகுதியில் கிடந்ததா என்பது பொருட்டல்ல. நீங்கள் குறிப்பிடாத வேறொரு பெட்டிக்கு வந்திருந்தாலோ, நீங்கள் அதை எடுத்துப் பார்த்த நேரமே பெற்ற நேரம். கடன் விண்ணப்பத்தில் அவசரத்தில் எழுதிக்கொடுத்து மறந்துபோன பழைய மின்னஞ்சல் முகவரிக்கு இருக்கும் கனம் இப்போது புரியும். நம் வாடிக்கையாளரும் அத்தகைய ஒன்றைத்தான் கொடுத்திருந்தார்.

தபால் திரும்பியதால் அலுவலர் அடுத்த வழியையும் மேற்கொண்டார். கடன்தாரர் அறிவிப்பைத் தவிர்க்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தாலோ, வேறு காரணத்தால் சேர்ப்பிக்க இயலாவிட்டாலோ, அவர் வழக்கமாக வசிக்கும் அல்லது தொழில் செய்யும் கட்டடத்தின் வெளிக்கதவில், அல்லது கண்ணில் படும் வேறோர் இடத்தில், பிரதியை ஒட்ட வேண்டும். அதோடு அப்பகுதியில் போதிய விற்பனையுள்ள இரண்டு முன்னணி நாளிதழ்களில் வெளியிடவும் வேண்டும். அவற்றுள் ஒன்று வட்டார மொழியில் இருத்தல் வேண்டும். ஒட்டுதல் மட்டும் போதாது. விளம்பரம் மட்டும் செய்வதும் போதாது. ஜூலை 20இல் நாக்பூர் வீட்டுக் கதவில் ஒட்டி, சாட்சிகள் முன்னிலையில் புகைப்படம் எடுத்தார்கள். ஜூலை 22இல் ஒரு மராத்தி நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் அது வெளிவந்தது.

விதியின் சொற்களைக் கவனித்தால் ஓர் ஐயம் எழும். அவர் வசிப்பது போபாலில், ஒட்டியது நாக்பூரில். தம் போபால் முகவரியை அவர் எழுத்தில் தெரிவித்து, வங்கியின் முத்திரையிட்ட ஒப்புகையைப் பெற்றிருந்தால், இந்தச் சேர்ப்பிப்பு செல்லாது என்று வாதிட அவருக்கு வலுவான காரணம் இருந்திருக்கும். வங்கியும் நடவடிக்கையை முதலிலிருந்து தொடங்க நேர்ந்திருக்கும். இத்தகைய பிழைகள் வங்கிகளின் பக்கமும் நேர்வதுண்டு. ஆனால் அவர் தெரிவிக்கவில்லை. வங்கி அறிந்த ஒரே முகவரி அவரே கொடுத்ததுதான்.

இனி நாள் கணக்கு. 13(2) பிரிவு ‘அறிவிப்பின் தேதியிலிருந்து 60 நாள்கள்’ என்கிறது. ஜூலை 1 தேதியிட்ட அறிவிப்புக்கு அது ஆகஸ்ட் 30இல் முடியும். பிற்பாடு தகராறு எழாதிருக்க, கவனமுள்ள அலுவலர் விளம்பரம் வந்த நாளிலிருந்து 60 நாள்கள் எண்ணி செப்டம்பர் 20 வரை காத்திருப்பார். ஆனால் அது அவருடைய எச்சரிக்கை. உங்கள் உரிமை என்று அதை நம்பியிருக்க வேண்டாம். நீங்கள் எண்ண வேண்டியது தாளின் தலைப்பிலுள்ள தேதியிலிருந்துதான்.

வாடகைக்கு இருந்தவர் ஊர் திரும்பி, கதவிலிருந்த தாளைப் படித்துத் தொலைபேசியில் சொன்னபோது ஆகஸ்ட் 12 ஆகிவிட்டது. நம் வாடிக்கையாளர் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார், கிழித்தெறியச் சொல்லவில்லை. அது நல்லதாயிற்று. கிழித்தாலும் சேர்ப்பிப்பு கலைவதில்லை. வங்கி கணக்கிட்ட வட்டியில் தமக்கிருந்த ஆட்சேபத்தை 13(3அ) பிரிவின்கீழ் எழுத்தில் அனுப்பினார். அதற்கு 15 நாள்களுக்குள் காரணங்களுடன் பதிலளிக்க வங்கி கடமைப்பட்டுள்ளது. பதில் வரும்வரை சும்மா இராமல், நிலுவைத் தவணைகள் அனைத்தையும் வட்டியுடன் ஆகஸ்ட் 28இல் செலுத்தினார். முழு நிலுவையும் தீர்ந்ததால் கணக்கு வாராக்கடன் நிலையிலிருந்து மீண்டது. வங்கியும் மேல் நடவடிக்கையைக் கைவிட்டது. செலுத்தாமல் 60 நாள்கள் கடந்திருந்தால் வீட்டின் சுவாதீனத்தை எடுக்கும் நடவடிக்கை தொடங்கியிருக்கும். அதன்பின் ‘எனக்கு அறிவிப்புச் சேரவில்லை’ என்பதை அவர் 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் எழுப்ப வேண்டியிருந்திருக்கும்.

நிலுவையைச் செலுத்திய அன்றே அவர் முகவரி மாற்றக் கடிதத்தையும் கொடுத்தார். ஆதாரில் முகவரியை மாற்றிவிட்டதால் வங்கியிலும் மாறியிருக்கும் என்று அதுவரை எண்ணியிருந்ததாகச் சொன்னார். அது தானாக மாறுவதில்லை. கடன் கணக்கின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, கிளையின் முத்திரையும் தேதியும் இட்ட நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் அதே கடிதத்தில் சேர்க்கலாம். ஜாமீன் அளித்தவரும் இடம் மாறியிருந்தால் அவர் தனியாக ஒரு கடிதம் தர வேண்டும்.