அழகூட்டிய முகத்தை யாருக்கு அடையாளம் தெரியும்?

ஒரு நிழற்படத்தில் இருக்கும் நம் முகத்தை மூவர் பார்க்கின்றனர். முதலாமவர் நம்மை நன்கு அறிந்த நண்பர். இரண்டாமவர் நம்மை முன்பின் அறியாத அதிகாரி. மூன்றாவது, கணினி. பட்டமளிப்பு விழாவுக்காக எடுத்த படத்தை நிழற்படக் கடைக்காரர் மெருகூட்டித் தருகிறார். பரு மறைகிறது, நிறம் வெளுக்கிறது, தாடை மெலிகிறது. வீட்டுச் சுவரில் மாட்டுவதோடு நில்லாமல், அதே படத்தை வேலை விண்ணப்பத்திற்கும் விசா விண்ணப்பத்திற்கும் நம்மில் பலர் பயன்படுத்துகிறோம். அந்தப் படம் மூவருக்கும் ஒரே மாதிரி தெரிவதில்லை. ஒருவரைச் சற்றும் குழப்பாத திருத்தம் இன்னொருவரை முழுமையாகக் குழப்பிவிடுகிறது. ஏன் அப்படி நடக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினி முகத்தை எப்படிப் படிக்கிறது?

முகம் அறியும் மென்பொருள்கள் பல உள்ளன. யாரும் இலவசமாகப் பெற்றுச் சோதித்துப் பார்க்கக்கூடிய dlib என்பதை எடுத்துக்கொள்வோம். 2017-இல் வெளிவந்த இதன் முகம் அறியும் பகுதி நான்கு படிகளில் இயங்குகிறது. முதலில் படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. அடுத்து, கண், மூக்கு முதலிய உறுப்புகளின் இடங்களைப் புள்ளிகளால் குறிக்கிறது. மூன்றாவதாக, அந்தப் புள்ளிகளை வைத்து முகத்தை நேராக நிமிர்த்தி, 150 படப்புள்ளி அகலமும் 150 படப்புள்ளி உயரமும் கொண்ட சிறு சதுரமாகச் சுருக்குகிறது. கடைசியாக, அந்தச் சதுரத்தை 128 எண்களாக மாற்றுகிறது.

இரண்டு படங்களை ஒப்பிடும்போது கணினி உண்மையில் இரண்டு எண் வரிசைகளைத்தான் ஒப்பிடுகிறது. அவற்றுக்கு இடையிலான தொலைவு 0.6-க்குக் கீழே இருந்தால் ஒரே ஆள், மேலே போனால் வேறு ஆள் என்பது dlib-இன் வழக்கமான எல்லை. ஒரே ஆளின் இரு வேறு படங்களுக்கு இடையே இந்தத் தொலைவு சுழியமாக இருப்பதில்லை. ஒளி, வயது, முகபாவனை ஆகிய எல்லாமே அதைக் கொஞ்சம் கூட்டும். ஆகவே 0.6 என்பது நமக்குக் கொடுக்கப்பட்ட ஒரு சலுகை அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அழகூட்டும் ஃபில்டரும் அதே சலுகையிலிருந்துதான் செலவு செய்கிறது.

தோல் ஒன்று, எலும்பு ஒன்று

ஒரு மாணவியின் படத்தை எடுத்துக்கொள்வோம். கடையில் எடுத்த அசல் கோப்பில் அவரது முகப்பகுதி 1200 படப்புள்ளி அகலம் என்று வைப்போம். கணினி அதை 150-ஆகச் சுருக்கும்போது அளவு எட்டில் ஒரு பங்காகிறது. அசலில் 8 படப்புள்ளி அகலமிருந்த சிறு பரு ஒரே புள்ளியாகிவிடும். தோலின் துளைகளும் மெல்லிய மயிர்களும் இருந்த இடமே தெரியாது. கடைக்காரர் அரை மணி நேரம் உட்கார்ந்து வழவழப்பாக்கிய தோலை, கணினி ஏற்கெனவே தன் பங்குக்கு வழவழப்பாக்கிவிட்டது! அதனால்தான் மிதமாகத் தோலை மெருகூட்டுவது கணினியின் முடிவைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை.

வடிவத்தை மாற்றும் திருத்தம் அப்படிப்பட்டதன்று. சுருக்கிய சதுரத்தில் இரு கண்மணிகளுக்கும் இடையே 45 படப்புள்ளிகள், தாடையின் அகலம் 80 படப்புள்ளிகள் என்று கொள்வோம். தாடை, கண்மணி இடைவெளியைப்போல் ஏறத்தாழ 1.78 மடங்கு. முழுப் படத்தையும் பெரிதாக்கினாலோ சிறிதாக்கினாலோ இந்த விகிதம் மாறாது. நிமிர்த்திச் சுருக்கும் படி அதைச் சரிசெய்துவிடும். ஆனால், தாடையை மட்டும் 10 விழுக்காடு மெலியச் செய்தால் அது 72 ஆகிறது, விகிதம் 1.6-க்கு இறங்குகிறது. இந்த மாற்றத்தைத் திருப்பிச் சரிசெய்யும் படி எதுவும் கணினியிடம் இல்லை. கணினி அடிக்கோல் வைத்து விகிதத்தை அளப்பதில்லை என்பது உண்மைதான். எனினும், அதன் 128 எண்களும் அந்தச் சதுரத்திலிருந்துதான் பிறக்கின்றன. சதுரத்தில் எலும்பு நகர்ந்தால் எண்களும் நகரும்.

இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மத்தேயோ ஃபெராரா, அன்னலிசா ஃபிராங்கோ, டாவிடே மால்தோனி உள்ளிட்டோர் 2013-இல் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். படத்தை நீட்டுதல், வளைத்தல், கணினி வழி அழகூட்டுதல் ஆகியவற்றை அவர்கள் முகம் அறியும் மென்பொருள்களில் சோதித்தனர். திருத்தம் சிறியதாக இருந்தால் மென்பொருள் தாங்கிக்கொண்டது. திருத்தம் கூடக்கூடத் தவறுகளும் கூடின.

சோதனை செய்து ஏமாறும் இடம்

நண்பர்கள் சிலர் இதைத் தாங்களே சோதித்துவிட்டு, "ஃபில்டர் போட்ட படத்தையும் கணினி சரியாகவே கண்டுபிடித்துவிட்டது" என்பார்கள். அவர்கள் ஒப்பிட்டது எவற்றை என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அசல் படத்தையும் அதே படத்தின் திருத்திய பிரதியையும்தான் ஒப்பிட்டிருப்பார்கள். இரண்டிலும் ஒரே ஒளி, ஒரே சிரிப்பு, ஒரே கோணம். சலுகையில் ஃபில்டரைத் தவிர வேறெதுவும் செலவாகவில்லை. அது தேர்ச்சி பெறுவதில் வியப்பில்லை.

நடைமுறை வேறு. வங்கிக் கணக்கைக் கைப்பேசி வழியே திறப்பதற்கான விதிமுறைகளை மலேசிய மத்திய வங்கி 2020-இல் வெளியிட்டது. அவ்வாறு கணக்குத் திறக்கும்போது நம் தம்படம் அடையாள அட்டையில் உள்ள படத்தோடு ஒப்பிடப்படுகிறது. நாம் 18 வயதில் மாற்றிய அட்டையின் படம் பதிவுத்துறை முகப்பில் எடுக்கப்பட்டது. அதில் மெருகு கிடையாது. இன்று 22 வயதில் மூக்குக் கண்ணாடியோடு, சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று தம்படம் எடுக்கிறோம். நான்காண்டு வயது, கண்ணாடி, முகத்தில் விழுந்த நிழல் ஆகியவை சலுகையின் பெரும்பகுதியை ஏற்கெனவே தின்றுவிட்டன. அதற்குமேல் தாடை மெலிவும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். தனியாக நின்றால் தேர்ச்சி பெறும் ஃபில்டர் கூட்டத்தோடு சேரும்போது தோற்கிறது.

விசா விண்ணப்பத்தில் நிலைமை தலைகீழ். அங்கே மெருகேறிய படம் கோப்பில் உட்கார்ந்துகொள்கிறது. மெருகில்லாத முகம் சோதனைச் சாவடியில் நிற்கிறது. ஃபில்டரை அணைத்துவிட்டு மறுபடி முயல அங்கே வழியில்லை. சாங்கி விமான நிலையத்தில் 2024 முதல் சிங்கப்பூரர்கள் கடப்பிதழை எடுத்துக் காட்டாமல், முகத்தையும் கருவிழியையும் காட்டியே கடந்து செல்ல முடிகிறது. இத்தகைய வாயில்கள் பெருகப் பெருக, கோப்பில் இருக்கும் படத்தின் உண்மைத்தன்மை மேலும் முக்கியமாகிறது. ஜெர்மனி 2025 மே 1 முதல் கடப்பிதழுக்கு அச்சிட்ட படங்களை ஏற்பதை நிறுத்தியது. அலுவலகத்திலேயே எடுத்த படம், அல்லது பதிவுபெற்ற நிழற்படக்காரர் பாதுகாப்பான இணையவழியில் அனுப்பிய படம்தான் செல்லும். இருவர் முகத்தை ஒன்றாகக் கலந்து ஒரே கடப்பிதழில் இருவரும் பயணம் செய்யும் மோசடியைத் தடுப்பதே அதன் நோக்கம். முகத்தில் புள்ளிகள் குறித்து, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதிகளை இழுத்து நகர்த்துவதே அந்தக் கலப்பின் வழி. தாடையை மெலியவைக்கும் ஃபில்டர் கையாள்வதும் அதே வழிதான்.

நண்பரும் அந்நியரும்

இனி மனிதர்களிடம் வருவோம். நண்பரின் கண் கணினியைப் போல் இயங்குவதில்லை. பிரிட்டனில் கிரேம் ஹோல் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பிரபலங்களின் படங்களை மேலும் கீழுமாக இரு மடங்கு இழுத்துக் காட்டினர். பார்த்தவர்கள் ஏறக்குறைய எப்போதும்போலவே அடையாளம் கண்டனர். அறிந்த முகத்தின் வடிவம் கொஞ்சம் மாறினால் மனித மூளை பொறுத்துக்கொள்கிறது. ஆனால், 2003-இல் ஜாவித் சதர், இஸபெல் ஜருடி, பவன் சின்ஹா ஆகியோர் பிரபலங்களின் படங்களிலிருந்து புருவத்தை நீக்கிக் காட்டியபோது, கண்களை நீக்கியதைவிடக் கூடுதலாகத் தடுமாற்றம் ஏற்பட்டது. புருவத்தை மாற்றி வரையும் ஃபில்டர் நண்பரை ஏன் உறுத்துகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

நண்பரின் உண்மையான பலம் வேறோர் இடத்தில் இருக்கிறது. 2011-இல் ராப் ஜென்கின்ஸ் குழுவினர் நெதர்லாந்துப் பிரபலங்கள் இருவரின் படங்களை, ஆளுக்கு 20 வீதம் 40 படங்களாகக் கலந்து கொடுத்தனர். ஓர் ஆளுக்கு ஓர் அடுக்காகப் பிரிக்கச் சொன்னார்கள். அந்த முகங்களை அறியாத பிரிட்டன்காரர்கள் பெரும்பாலும் ஏழெட்டு அடுக்குகளாகப் பிரித்தனர். அவர்களை அறிந்த நெதர்லாந்துக்காரர்களோ பெரும்பாலும் சரியாக இரண்டே அடுக்காகப் பிரித்துவிட்டனர். நண்பர் நம்மைத் தூக்கக் கலக்கத்திலும் பார்த்திருக்கிறார், மணமேடையிலும் பார்த்திருக்கிறார். ஆகவே, மெருகேறிய படத்தை நண்பர் பாராட்டுவது, அந்தப் படம் நம்மைப் போல் இருப்பதற்குச் சான்றாகாது. இல்லாததை அவர் மனம் நிரப்பிக்கொள்கிறது.

முகப்பில் அமர்ந்திருக்கும் அதிகாரிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆஸ்திரேலியக் கடப்பிதழ் அதிகாரிகளிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், எதிரே நிற்பவரின் கையில் வேறொருவர் படம் இருந்தபோது, அதை அவருடையதே என்று ஏற்றுக்கொண்ட தவறு 14 விழுக்காடு. பணி அனுபவம் கூடியதால் தவறு குறையவும் இல்லை. இப்படித் தடுமாறும் ஒருவருக்கு மச்சமும் தழும்பும் பெரிய துணை. கணினி பொருட்படுத்தாத தோலைத் துடைக்கும் ஃபில்டர், அந்நியருக்கு மிஞ்சியிருந்த அந்த அடையாளத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. இரட்டைப் பிறவிகளின் படம் என்றால் பெற்றோரே தடுமாறலாம். சிறிய கறுப்புப் பொட்டும் மூக்குத்தியும்கூடச் சில செயலிகளுக்குக் கறையாகத் தெரிந்து தேய்ந்துபோகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தை விட்டுவிட்டு அதன் ஓரத்தைப் பாருங்கள். தாடைக்குப் பின்னால் உள்ள கதவு நிலை அல்லது சுவர்க்கோடு வளைந்திருந்தால் வடிவம் இழுக்கப்பட்டிருக்கிறது. கழுத்தும் காதும் ஒரு நிறம், முகம் வேறு நிறம் என்றால் நிறம் ஏற்றப்பட்டிருக்கிறது. 2023-இல் டிக்டாக்கில் பரவிய 'போல்ட் கிளாமர்' போன்ற புதிய வகை ஃபில்டர்கள் முகத்தையே புதிதாக வரைந்து தருகின்றன. முகத்தின் குறுக்கே கையை ஆட்டினாலும் அவை எளிதில் கலைவதில்லை. அங்கே மச்சமும் தழும்பும் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று பழைய படத்தோடு ஒப்பிடுவதே வழி.

பட்டமளிப்புப் படம் எடுக்கும் நம்மவர்கள் ஒன்றைச் செய்யலாம். மெருகேறிய பிரதியோடு அசல் கோப்பையும் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். நண்பர்களுக்கும் வீட்டுச் சுவருக்கும் எது பிடிக்கிறதோ அதைக் கொடுக்கலாம். நம்மை அறியாத அதிகாரியும் கணினியும் பார்க்கப்போகும் விண்ணப்பத்திற்கு, அசல் கோப்புதான் போக வேண்டும்.