வேலை விளம்பரத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டிய அந்த ஒரு வரி

நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் வேலை விளம்பரம் வராத நாளே இல்லை. சவுதி, கத்தர், துபாய், சென்னை என்று வந்துகொண்டே இருக்கும். வேலையில்லாமல் இருக்கும் நண்பர் ஒருவர் நினைவுக்கு வந்தால் உடனே அவருக்கு ஃபார்வர்டு செய்துவிடுகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அது அவரிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை நாம் யோசிப்பதில்லை.

நம் நண்பர் ஒருவர் தம்மாமில் 6 ஆண்டுகள் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டு, எக்ஸிட்டில் ஊர் வந்து 4 மாதங்கள் ஆகியிருந்தன. அவருக்கு நாம் மூன்று விளம்பரங்கள் அனுப்பினோம். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. பிறகு ஒரு நிக்காஹ் வீட்டில் சந்தித்தபோது அவரே சொன்னார்: "நான் சும்மா இருக்கேன்னு தினமும் பத்து பேரு ஞாபகப்படுத்துறாங்க மச்சான். தொறந்து பாக்கவே பிடிக்கல."

வீட்டுக்கு வந்து அந்த மூன்றையும் எடுத்துப் படித்தோம். இரண்டில் 'டிரான்ஸ்பரபிள் இகாமா உள்ளவர்கள் மட்டும்' என்று அடியில் போட்டிருந்தது. ஏற்கெனவே சவுதியில் இருந்துகொண்டு, முதலாளியை மாற்றிக்கொள்ள முடிகிறவர்களுக்கான வேலை அது. ஊரில் இருப்பவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. மூன்றாவதில் நேர்முகத் தேர்வு நடந்து இரண்டு வாரம் கடந்திருந்தது. அனுப்பிய நாமே படிக்கவில்லை என்பது அவருக்கு அன்றே தெரிந்திருக்கும்.

அடுத்த முறை ஒரு விளம்பரம் வந்தபோது முழுவதும் படித்தோம். ஒரே படத்தில் ஒன்பது விதமான வேலைகள். ஏழாவது வரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், செல்லுபடியாகும் சவுதி லைசென்ஸ் அவசியம், புது விசா, சென்னையில் நேர்முகத் தேர்வு என்றிருந்தது. அதை அனுப்பி, கீழே இப்படி எழுதினோம்: "மச்சான், ஏழாவது வரியைப் பார். ஃபோர்க்லிஃப்டுக்கு சவுதி லைசென்ஸ் கேட்கிறார்கள், உன்னிடம் இருக்கிறது. தேர்வு வரும் சனிக்கிழமை." பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

அந்த வரியில் பெரிய விஷயம் எதுவும் இல்லை. விளம்பரம் கேட்கும் நிபந்தனை ஒன்று, அவரிடம் இருக்கும் தகுதி ஒன்று. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். எந்த நிபந்தனையை எடுப்பது என்பதுதான் கேள்வி. 'அனுபவம் தேவை' என்பதை எல்லாரும் சொல்லிக்கொள்ளலாம். பலரைக் கழித்துவிடக்கூடிய, ஆனால் நம் நண்பரிடம் இருக்கிற ஒன்றையே எடுக்க வேண்டும். லைசென்ஸாக இருக்கலாம், அரபி பேசத் தெரிவதாக இருக்கலாம். பி.எட். முடித்த சகோதரிக்குப் பள்ளி வேலை அனுப்புகிறோம் என்றால், பிள்ளைகள் வீடு திரும்பும் முன் அவரும் வந்துவிடலாம் என்பதே அந்த வரியாக இருக்கலாம். "உனக்கு நல்லா இருக்கும்", "விட்டுடாதே" என்பதெல்லாம் கணக்கில் வராது. எவ்வளவு தேடியும் அப்படி ஒரு வரி கிடைக்கவில்லையா? அந்த விளம்பரம் அவருக்கானது இல்லை, அனுப்பாமல் விட்டுவிடலாம்.

இன்னொன்றையும் அனுபவத்தில் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் இப்படி நாம் அனுப்பிய ஒரு விளம்பரத்தை நம்பி, ஊர்க்காரர் ஒருவர் 'மெடிக்கல், பேப்பர் செலவு' என்று பணம் கட்டினார். விசா வரவில்லை, அந்த போன் எண்ணும் அணைந்துவிட்டது. "நீ அனுப்புனதுனாலதான் தம்பி நம்புனேன்" என்றார். நமக்கு அந்த நிறுவனத்தைப் பற்றி எதுவுமே தெரியாது. ஆனால் தெரியாது என்று நாம் அவரிடம் சொல்லவில்லையே! அவர் நம் பெயரைத்தான் உத்தரவாதமாக எடுத்துக்கொண்டார்.

ஆகவே, வந்த இடத்தையும் அந்த வரியோடு சேர்த்துவிடுகிறோம்: "குழுவில் வந்தது, எனக்கு ஆளைத் தெரியாது, விசாரித்துக்கொள்." வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்சியின் பதிவு எண் விளம்பரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புகிறோம். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. அவர்கள் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால் சந்தேகப்பட வேண்டும்.

ஃபோர்க்லிஃப்ட் நண்பர் அனுப்பிய பதில் ஒரு கேள்விதான்: "லைசென்ஸ் இன்னும் ரெண்டு மாசத்துல முடியுதே, பரவாயில்லையா?" அது நமக்குத் தெரியவில்லை. விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அவரே போன் செய்து கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை காலை சென்னைக்கு பஸ் ஏறினார்.